கணவரின் இரண்டு பாஸ்புக்குகள்: செங்கோட்டையில் ஒன்று, புனலூரில் ஒன்று. எங்கிருந்து தொடங்குவது?

செங்கோட்டை_வாசகி

அனைவருக்கும் வணக்கம். என் கணவர் சென்ற மாதம் திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனையில் மாரடைப்பால் காலமானார். அவருக்கு வயது 44. பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி வாங்கி, சொந்த லோடு ஆட்டோவில் ஆரியங்காவு வழியாகப் புனலூருக்குக் கொண்டுபோய்க் கடைகளுக்குப் போடுவது அவருடைய தொழில். மகன் பத்தாம் வகுப்பிலும் மகள் ஆறாம் வகுப்பிலும் படிக்கிறார்கள்.

திருமணமான நாள் முதல் வீட்டுச் செலவுக்கு வாரந்தோறும் அவர் கையில் தருவதைக் கொண்டு நடத்தினேன். வங்கிக்கு நான் போனது கையெழுத்துப் போடுவதற்கு மட்டும்தான். இப்போது அலமாரியில் இரண்டு பாஸ்புக்குகள் கிடைத்திருக்கின்றன. செங்கோட்டைக் கணக்கு எங்கள் இருவர் பெயரிலும் இருக்கிறது. புனலூர்க் கணக்கு அவர் பெயரில் மட்டும், எங்கள் திருமணத்திற்கு முன்பே தொடங்கியது. அதில் ஏறத்தாழ 2,80,000 ரூபாய் இருக்கிறது. எங்கே எவ்வளவு கடன், எங்கே எவ்வளவு சேமிப்பு என்பது எதுவும் எனக்குத் தெரியாது. புனலூர்ச் சந்தையில் ஒரு வியாபாரி, என் கணவரிடமிருந்து தனக்கு 60,000 ரூபாய் வரவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். முதலில் எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

களியக்காவிளை_வணிகர்

அம்மா, உங்கள் இழப்புக்கு ஆழ்ந்த வருத்தங்கள். என் அனுபவத்தில் சொல்கிறேன். வங்கிக்கு இறப்புச் செய்தி தெரிந்துவிட்டால் கணக்கை முடக்கிவிடுவார்கள். ஏடிஎம் அட்டையின் ரகசிய எண்ணோ, அவருடைய போனில் பணம் அனுப்பும் எண்ணோ உங்களுக்கோ மகனுக்கோ தெரிந்திருந்தால், முதலில் புனலூர்ப் பணத்தை உங்கள் கணக்குக்கு மாற்றிவிட்டு, அதன் பிறகு வங்கிக்குச் சொல்லுங்கள். எப்படியும் மனைவி என்பதால் நாமினி நீங்களாகத்தான் இருப்பீர்கள். நாமினிக்குத்தான் அந்தப் பணம் சொந்தம்.

தென்காசி_ஓய்வூதியர்

நான் வங்கியில் காசாளராகத் தொடங்கி, கிளை மேலாளராக ஓய்வு பெற்றவன். மேலே நண்பர் சொன்னதில் ஒரு பாதிதான் சரி. கணக்கு முடக்கப்படும் என்பது தனிப்பெயர்க் கணக்குக்கு உண்மை. மற்றவற்றை அப்படியே ஏற்க வேண்டாம்.

ஒருவர் இறந்த பிறகு அவருடைய அட்டையையும் எண்ணையும் கொண்டு பணம் எடுத்தால், எந்த நாளில் எவ்வளவு எடுக்கப்பட்டது என்பது பாஸ்புக்கில் அப்படியே நிற்கும். இறப்புச் சான்றிதழில் உள்ள தேதியையும் அந்த வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எவரும் கண்டுகொள்வார்கள். வங்கி கேட்பது ஒரு பக்கம் இருக்கட்டும். நாளைக்கு மாமியாரோ மைத்துனரோ கேட்கும்போது பதில் சொல்ல முடியாத இடத்தில் நீங்கள் நிற்க வேண்டியிருக்கும். ஆகவே அதைச் செய்யாதீர்கள். ஆனால் அவருடைய சிம் கார்டுக்கு மட்டும் தவறாமல் ரீசார்ஜ் செய்து போனை உயிரோடு வைத்திருங்கள். தவணை நினைவூட்டல், காப்பீட்டுப் பிரீமியம், சீட்டுத் தவணை என்று எதுவாக இருந்தாலும் செய்தி அந்த எண்ணுக்குத்தான் வரும். அந்தச் செய்திகளைப் படியுங்கள். அதில் வரும் ரகசிய எண்ணைப் பயன்படுத்த வேண்டாம்.

அடுத்தது, இரண்டு பாஸ்புக்குகளையும் எடுத்துக்கொண்டு போய்க் கடைசியாகப் பதினான்கு மாத வரவு செலவைப் பதிவு செய்து வாங்குங்கள். ஒரு வருடத்திற்குச் சற்றுக் கூடுதலாகக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பிடிக்கப்படும் தொகைகள் ஆறு மாதக் கணக்கில் தலைகாட்டாமலே போய்விடும். அவைதான் பெரும்பாலும் உங்களுக்கு வரவேண்டிய பணத்தின் தடயம். குறிப்பாக மே மாதக் கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ 436 ரூபாய் பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டின் ஆண்டுப் பிரீமியம். எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். புதிதாகச் சேர்ந்த முதல் முப்பது நாட்களுக்கு மட்டும் விபத்து தவிர்த்த மரணங்களுக்குக் கிடைக்காது. பக்கத்திலேயே 20 ரூபாய் பிடித்திருந்தால் அது விபத்துக் காப்பீடு. மாரடைப்புக்கு அது பொருந்தாது. இரண்டு ஊர்ப் பாஸ்புக்கிலும் 436 இருந்தாலும் ஒன்றுக்குத்தான் பணம் வரும், ஏனெனில் ஒருவருக்கு ஒரு காப்பீடுதான் அனுமதி. எந்தக் கிளையில் பிடித்தார்களோ அங்கேதான் மனுக் கொடுக்க வேண்டும். அந்தக் காப்பீட்டுக்கான நாமினியை அதற்குரிய விண்ணப்பத்தில் தனியாக எழுதியிருப்பார்கள். கணக்கின் நாமினியே அதிலும் இருக்க வேண்டும் என்பதில்லை.

கம்பம்_அக்கா

தங்கச்சி, நான் எட்டு வருடமாக இந்தப் பாதையில் நடப்பவள். என் வீட்டுக்காரர் குமுளிப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர். ஒன்று மட்டும் முதலில் சொல்கிறேன். இறப்புச் சான்றிதழ் நீங்கள் இருக்கும் ஊரில் கிடைக்காது. உயிர் பிரிந்த இடத்துப் பதிவாளரிடம்தான் கிடைக்கும். திருவனந்தபுரம் மாநகராட்சியில்தான் நீங்கள் வாங்க வேண்டும். எங்கள் வீட்டில் அது தெரியாமல் இங்கே நகராட்சியில் அலைந்தோம். மருத்துவமனை பதிவுக்கு அனுப்பிவிட்டதா என்று கேட்டுவிட்டு, சான்றிதழ் வாங்கும்போதே பெயர், தலைப்பெழுத்து, தகப்பனார் பெயர் எல்லாம் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா என்று அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். கேரளத்தில் நம் தலைப்பெழுத்தை விரித்தோ இடம் மாற்றியோ எழுதிவிடுவது உண்டு. பிறகு திருத்த வேண்டுமானால் மறுபடியும் அதே அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். பிரதிகளைத் தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள்; ஒவ்வோர் இடத்திலும் ஒன்று கேட்பார்கள்.

கோபாலபுரத்தார்

இந்த இழையைப் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கும் இதே நிலைதான், ஆனால் தலைகீழாக. எங்கள் வீட்டில் பணத்தை வைத்திருந்தது என் மனைவிதான். நான் மீனாட்சிபுரம் சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம் ஒரு அரிசி ஆலையில் வேலை செய்து, சம்பளத்தை அவளிடம் கொடுத்துவிடுவேன். அவள் போன பிறகுதான் மகளிர் குழுவில் கடன் இருப்பதும், நகை அடகில் இருப்பதும் தெரிகிறது. அவளுடைய சேமிப்புக் கணக்கில் 90,000 ரூபாய் இருக்கிறது. நாமினி யாரையும் எழுதவில்லை. கணவர்களுக்கும் விதவை உதவித்தொகை போல ஏதேனும் உண்டா?

தென்காசி_ஓய்வூதியர்

கோபாலபுரத்து நண்பரே, நீங்கள் கேட்கும் உதவித்தொகை பற்றி இந்த இழையில் பேசினால் அம்மாவின் கேள்வி பின்னால் போய்விடும். ஆனால் நாமினி இல்லாத கணக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அது எல்லோருக்கும் உதவும். ரிசர்வ் வங்கி 2025-இல் வெளியிட்ட விதிகளின்படி, நாமினி இல்லாவிட்டாலும் கூட்டுறவு அல்லாத வங்கிகளில் 15 லட்சம் வரையிலும், கூட்டுறவு வங்கிகளில் 5 லட்சம் வரையிலும் நீதிமன்ற வாரிசுரிமைச் சான்று கேட்காமல் எளிய முறையில் தீர்க்க வேண்டும். மனு, இறப்புச் சான்றிதழ், பின்னால் வங்கிக்கு இழப்பு வந்தால் ஈடு செய்வதாக எழுதித் தரும் ஈட்டுறுதிப் பத்திரம், பணம் கேட்காத மற்ற வாரிசுகளின் மறுப்புக் கடிதம் ஆகியவை முக்கியமான தாள்கள். எல்லாத் தாள்களும் கொடுத்த பிறகு பதினைந்து நாட்களுக்குள் தீர்க்க வேண்டும். குழுக் கடன், நகைக் கடன் இரண்டையும் அந்தக் குழுவின் நோட்டிலும் அடகுச் சீட்டிலும் என்ன இருக்கிறது என்று பார்த்துத் தனி இழை தொடங்குங்கள், நான் அங்கே எழுதுகிறேன்.

இப்போது அம்மாவுக்கு. செங்கோட்டைக் கணக்கின் முதல் பக்கத்தில் 'இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்' என்னும் பொருளில் எழுதியிருந்தால், இறப்புச் சான்றிதழைக் கொடுத்து அவர் பெயரை நீக்கச் சொல்லி, நீங்கள் தொடர்ந்து அதை இயக்கலாம். வீட்டுச் செலவுக்கான முதல் பணம் அங்கிருந்துதான் வர வேண்டும். புனலூர்க் கணக்கில் நாமினி யார் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதுங்கள். திருமணத்திற்கு முன்பு தொடங்கியது என்கிறீர்கள், ஆகவே அது நீங்களாக இல்லாமலும் இருக்கலாம்.

செங்கோட்டை_வாசகி

தாமதமாக எழுதுவதற்கு மன்னிக்கவும். இடையில் திருவனந்தபுரமும் புனலூரும் போய்வந்தோம். அக்கா சொன்னபடி சான்றிதழில் தலைப்பெழுத்து மாறியிருந்தது. அங்கேயே திருத்தத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம்.

ஐயா சொன்னது சரியாகிவிட்டது. புனலூர்க் கணக்கின் நாமினி என் மாமியார். அவர் புனலூரில் என் மைத்துனர் வீட்டில் இருக்கிறார். பாஸ்புக்கிலிருந்து நான் படித்து எழுதியது இது. செங்கோட்டைக் கணக்கில் மாதந்தோறும் லோடு ஆட்டோக் கடன் தவணை 8,400 ரூபாய். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்.ஐ.சி. 3,275 ரூபாய். மே 28-ஆம் தேதி 436 ரூபாயும் 20 ரூபாயும் பிடித்திருக்கிறார்கள். ஜீவன் ஜோதி நாமினி நான்தான் என்று கிளையில் சொன்னார்கள். புனலூர்க் கணக்கிலிருந்து ஒவ்வொரு மாதமும் 5,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக ஒரு தொகை போகிறது, மாதத்துக்கு மாதம் மாறுகிறது. விசாரித்ததில் அது கேரள அரசு நிறுவனமான கே.எஸ்.எஃப்.இ. நடத்தும் சீட்டு, அங்கே சிட்டி என்பார்கள் என்றும், 40 மாதம், 2 லட்சம் என்றும், 22 தவணை கட்டியாயிற்று என்றும், இன்னும் ஏலம் எடுக்கவில்லை என்றும் தெரிந்தது.

மாமியார் நாமினி என்றால் அந்த 2,80,000 முழுவதும் அவருக்கா? அவரிடம் எப்படிக் கேட்பது என்றும் தெரியவில்லை.

களியக்காவிளை_வணிகர்

நாமினி என்றால் சொந்தக்காரர் என்று நான் எழுதியிருந்தேன். அப்படியானால் மாமியாருக்குத்தான் முழுவதும் போகும் என்று நினைக்கிறேன். வழக்குப் போட்டால்தான் உங்களுக்கு ஏதாவது கிடைக்கும்.

தென்காசி_ஓய்வூதியர்

இல்லை. நாமினி என்பவர் வங்கியிடமிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்வதற்கு மட்டும் உரியவர். வாரிசுகளுக்காக அதைக் கையில் வாங்கி வைத்திருப்பவர். வங்கி அவரிடம் கொடுத்துவிட்டால் வங்கியின் கடமை தீர்ந்தது. அதற்குப் பிறகு பங்கு என்பது வாரிசுகளுக்குள் தீர்க்க வேண்டிய விஷயம். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணுக்கு முதல் நிலை வாரிசுகள் மனைவி, பிள்ளைகள், தாய். நீங்கள், மகன், மகள், மாமியார் என நால்வருக்கும் சமபங்கு. ஆகவே 2,80,000-இல் ஒவ்வொருவருக்கும் 70,000. உங்கள் வீட்டுக்கு மூன்று பங்கு, 2,10,000. மைத்துனருக்கு இதில் பங்கு கிடையாது.

இதில் ஒரு விஷயத்தை அம்மா மனத்தில் கொள்ள வேண்டும். இதே நியாயம் உங்கள் பக்கமும் பொருந்தும். செங்கோட்டைக் கணக்கில் அவர் சம்பாதித்துப் போட்ட பணத்தில் மாமியாருக்கும் பங்கு உண்டு. அதை நீங்கள் எடுத்துச் செலவழிக்க வங்கி அனுமதிக்கும் என்பதால் அது முழுவதும் உங்களுடையது என்று ஆகாது. ஆகவே பேசப் போகும்போது இரண்டு கணக்கையும் சேர்த்தே ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். ஒன்றை மட்டும் காட்டினால் பேச்சு அங்கேயே முறியும். ஆட்டோ, கடன், எல்லாம் அதே தாளில் இருக்கட்டும். காப்பீட்டுத் தொகைகளைத் தனி வரியில் எழுதுங்கள். பேசி முடிந்ததும் அதை எழுத்தில் வாங்கி எல்லோரும் கையெழுத்திடுங்கள். மகன், மகள் சிறுவர்கள் என்பதால் அவர்கள் பங்கை அவர்கள் பெயரில் வைப்பாகப் போடுவதாக எழுதினால் பின்னால் எவரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

கம்பம்_அக்கா

பேசும்போது மைத்துனர் இல்லாத நேரத்தில் மாமியாரிடம் முதலில் பேசுங்கள், தங்கச்சி. மகனை இழந்தவர் அவரும்தான். எனக்குத் தெரிந்த வீட்டில், நாமினிப் பணம் கைக்கு வந்த பிறகு பேசியதால் ஆறு மாதம் யாரும் யார் வீட்டுக்கும் போகவில்லை. வங்கிக்கு மாமியார் மனுக் கொடுக்கும் நாளுக்கு முன்பே பேசிவிடுங்கள்.

தென்காசி_ஓய்வூதியர்

அக்கா சொன்னது மிகச் சரி. வங்கியை நிறுத்தி வைக்க வேண்டுமானால் நீதிமன்ற உத்தரவுதான் வேண்டும். உங்கள் கடிதத்தால் முடியாது.

இனிச் சிட்டி. மாதத்துக்கு மாதம் தொகை மாறுவதற்குக் காரணம், ஏலத்தில் தள்ளுபடியாகும் தொகையில் சந்தாதாரர்களுக்குப் பங்கு போவதால் தவணை குறைகிறது. இன்னும் ஏலம் எடுக்காத சிட்டி என்பதால் இது கடன் இல்லை, உங்கள் சேமிப்பு. நிறுத்திவிட்டால் கட்டிய பணம் போய்விடாது. ஆனால் சிட்டி முடியும் காலம் வரை காத்திருக்க வேண்டியிருக்கும், கமிஷனும் கழியும், தவணை தவறிய மாதங்களின் தள்ளுபடிப் பங்கும் கிடைக்காது. 22 கட்டிய பிறகு நிறுத்துவதைவிட, வாரிசு பெயருக்கு மாற்றித் தொடர முடியுமா என்று அந்தக் கிளையில் கேளுங்கள். பெயர் மாறிய பிறகு ஏலம் எடுத்தால், பணத்தை வாங்கிச் செல்லச் சம்பளக்காரர் பிணையோ சொத்துப் பிணையோ கேட்பார்கள். பிணை கொடுக்க ஆளில்லை என்றால் அந்தத் தொகையை அங்கேயே பிணை வைப்பாக வைத்து அதற்கு வட்டி வாங்கலாம். அந்த வட்டி மிச்சத் தவணைக்கு ஓரளவு கைகொடுக்கும்.

பாலக்காட்டு_மருமகள்

சிட்டி விஷயத்தில் எனக்குச் சற்று மாற்றுக் கருத்து இருக்கிறது. மாதம் வருமானமே இல்லாத வீட்டில் இன்னும் 18 தவணை கட்டச் சொல்வது சரியா? ஜீவன் ஜோதியிலிருந்து வரும் 2 லட்சத்தைச் சிட்டிக்குள் கொட்டுவது போல ஆகிவிடாதா? நானாக இருந்தால் கையில் ஓர் ஆண்டுச் செலவு தனியாக இருக்கும் வரை எதையும் தொடர மாட்டேன்.

தென்காசி_ஓய்வூதியர்

உங்கள் கேள்வி நியாயமானது. ஓர் ஆண்டுச் செலவு முதலில் என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் சிட்டியை விடுவதற்கு முன் எடுத்துப் பார்க்க வேண்டியது ஆட்டோத் தவணை. 8,400 ரூபாய் ஒவ்வொரு மாதமும் போகிறது, ஆட்டோ ஓடவில்லை. முதலில், அந்தக் கடனுடன் உயிர்க்காப்பீடு சேர்த்து எழுதியிருக்கிறார்களா என்று கடன் ஒப்பந்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்; இருந்தால் மிச்சக் கடன் அதிலேயே தீரலாம். இல்லையென்றால் தவணை மூன்று மாதம் நிலுவையாகும் முன்பே விற்பதைப் பற்றி முடிவெடுங்கள். கடன் மிச்சம் எவ்வளவு என்று கேட்டீர்களா?

செங்கோட்டை_வாசகி

கேட்டேன், ஐயா. மிச்சம் 1,60,000 ரூபாய் என்றார்கள். ஊரில் இரண்டு பேர் 2,40,000-க்கு ஆட்டோவை எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள். கடனுடன் காப்பீடு இல்லை. மைத்துனர் தானே ஓட்டித் தவணை கட்டுவதாகச் சொல்கிறார்.

தென்காசி_ஓய்வூதியர்

விற்றால் கடன் போக 80,000 நிற்கும். அதிலும் நால்வர் பங்கு உண்டு. மைத்துனர் ஓட்டுவதானால், கடன் இன்னும் உங்கள் கணவர் பெயரில், வண்டி அவர் பெயரில், ஓட்டுபவர் வேறு ஒருவர் என்று ஆகிவிடும். வழியில் ஒரு விபத்து நேர்ந்தால் பொறுப்பு யாருக்கு, காப்பீடு செல்லுமா என்பதெல்லாம் குழப்பமாகும். வண்டியின் சொந்தக்காரர் இறந்ததை முப்பது நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் வாரிசு பெயருக்கு மாற்ற மனுக் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அவர் ஓட்டத்தான் வேண்டுமானால், அவரே விலை கொடுத்து வாங்கட்டும்.

புனலூர் வியாபாரியின் 60,000 விஷயத்தை இன்னும் தொடவில்லை. அவரிடம் கணக்கு நோட்டையும் சீட்டுகளையும் காட்டச் சொல்லுங்கள். உண்மையான கடனாக இருந்தால், கணவர் விட்டுச் சென்ற சொத்திலிருந்து அதைத் தீர்க்க வேண்டும். உங்கள் நகையிலிருந்தோ உங்கள் வருங்கால உழைப்பிலிருந்தோ தீர்க்கும் கடமை உங்களுக்கு இல்லை. எந்த நிலையிலும் உங்கள் பெயரில் புதிய பிராமிசரி நோட்டில் கையெழுத்திடாதீர்கள். கையெழுத்திட்டால் அது உங்கள் கடனாகிவிடும். அதேபோல் உங்கள் கணவருக்கு மற்ற கடைகள் தரவேண்டிய பாக்கியும் அவருடைய கணக்கு நோட்டில் இருக்கும். அதையும் எழுதி எடுங்கள்.

களியக்காவிளை_வணிகர்

இந்தக் கடைசி விஷயத்தில் நான் உறுதியாகச் சொல்ல முடியும், ஏனெனில் என் தொழிலும் இதுதான். காய்கறிக் கடைகளில் வாரக் கணக்கு எழுதுவோம். ஒரு நோட்டு உங்கள் கணவரிடம், ஒரு நோட்டு கடைக்காரரிடம். ஆட்டோவின் முன்பக்கப் பெட்டியில் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். இரண்டையும் ஒப்பிடாமல் பத்து ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். புனலூரில் எனக்குத் தெரிந்த கடைக்காரர்கள் இருக்கிறார்கள். வேண்டுமானால் கூட வந்து கேட்கிறேன்.

செங்கோட்டை_வாசகி

அண்ணா, நோட்டு நீங்கள் சொன்ன இடத்திலேயே இருந்தது. அதில் அந்த வியாபாரிக்கு 22,000 என்றுதான் இருக்கிறது. வேறு மூன்று கடைகள் எங்களுக்குத் தரவேண்டியது 31,500. நீங்கள் கூட வருவதாகச் சொன்னதற்கு நன்றி, வருகிற வாரம் போகலாம் என்று மகன் சொல்கிறான்.

மாமியாரிடம் பேசினேன். "உன் பிள்ளைகளுக்குத்தான் கொடுக்கப் போகிறேன், பேப்பர் எதற்கு" என்கிறார். எழுத்து வேண்டும் என்று நான் வற்புறுத்தவா, அல்லது அவர் வாக்கை நம்பி விடவா என்று தெரியவில்லை. தாசில்தாரிடம் வாரிசுச் சான்றுக்குச் செங்கோட்டையில் விண்ணப்பித்திருக்கிறேன். அதைப் புனலூர்க் கிளையில் ஏற்பார்களா?

கம்பம்_அக்கா

எங்களுடைய தமிழ்நாட்டுச் சான்றைக் குமுளிப் பக்கத்தில் ஏற்றார்கள்.

பாலக்காட்டு_மருமகள்

எங்களிடம் பாலக்காட்டில் கூடவே நோட்டரி உறுதிமொழியும் கேட்டார்கள். கிளைக்குக் கிளை மாறுகிறது. போகும் முன் கிளை மேலாளரிடம் என்னென்ன தாள் வேண்டும் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டால் இரண்டாம் முறை மலை ஏறி இறங்க வேண்டியதில்லை.

தென்காசி_ஓய்வூதியர்

நாமினி மாமியாராக இருப்பதால் வங்கி உங்களிடம் வாரிசுச் சான்று கேட்கவே வேண்டியதில்லை; சிட்டிக்கும் ஆட்டோவுக்கும் அது தேவைப்படும். எழுத்து வேண்டுமா என்பதற்கு என் பதில், வேண்டும். ஆனால் உங்களுக்காக என்று கேட்காமல், சிறுவர்களின் பங்கு வைப்பில் போகிறது என்பதற்காக என்று கேளுங்கள். அவர் தம் கையால் அந்த வைப்பைப் போட்டு ரசீதைப் பேரப்பிள்ளைகளிடம் கொடுக்கட்டும். அவருடைய சொந்தப் பங்கான 70,000 அவரிடமே இருக்கட்டும். அதற்கும் அவர் இணங்கவில்லை என்றால் இங்கே எழுதுங்கள், ஒரு வழக்கறிஞரிடம் என்ன கேட்க வேண்டும் என்று அப்போது பார்ப்போம்.